தொலைஞ்ச பில்லுக்கு காப்பி கேக்கறப்போ என்ன எழுதோணும்

பில் தொலைஞ்சு போச்சு, கடையில காப்பி கேட்டா பதிலே வர மாட்டேங்குது, போன் பண்ணினா பாக்கறேங்கறாங்க அதோட சரின்னு சொல்றவங்கள நெறைய பாக்கறேன். எனக்கு இந்த விஷயத்துல ரெண்டு பக்கமும் தெரியும்ங்க. கல்யாணத்துக்கு முன்னாடி கோயமுத்தூர்ல ஒரு மெஷினரி டீலர்கிட்ட பில்லிங்ல உக்காந்திருந்தேன், இப்போ திருப்பூர்ல ஒரு நிட்டிங் யூனிட்ல அக்கவுண்ட்ஸ் பாக்கறேன். அங்க இருந்தப்போ தினமும் இந்த மாதிரி மெசேஜ் வரும், பாதிக்கு மேல என்ன கேக்கறாங்கன்னே புரியாது. புரியாததை ஓரமா வச்சுட்டு புரிஞ்சதை முதல்ல எடுத்துக் குடுப்போம், கவுண்டர்ல ஆள் நிக்கறப்போ வேற வழியும் இல்ல. அதனால பதில் வராததுக்கு முக்கால்வாசி காரணம் கடைக்காரரோட மனசு இல்லீங்க, நாம எழுதி அனுப்பற அந்த நாலு வரிதான்.

எங்க யூனிட்ல நடந்ததை வச்சே சொல்றேன், அப்போதான் தெளிவா இருக்கும்.

எங்களுக்கு ஒரு 10 எச்பி ஏர் கம்ப்ரசர் வாங்கியிருந்தோம், கோயமுத்தூர் டீலர்கிட்ட. அடுத்த செப்டம்பர்ல ஆடிட்டர் ஆபீஸ்ல இருந்து கேட்டாங்க, கம்ப்ரசர் பில் பைல்ல இல்லையே, மெஷின் வாங்குன கணக்குல சேத்தியிருக்கீங்க, ஜிஎஸ்டி கிரெடிட் எடுத்திருக்கீங்க, பில் எங்கேன்னு. தேடினா இல்ல. மெஷின் வந்து இறங்குனப்போ பில்லை பிட்டர் வாங்கி எங்கியோ வச்சுட்டாராட்ட இருக்குது. பர்ச்சேஸ் பாக்கற தம்பி டீலருக்கு வாட்ஸப்ல ஒரு மெசேஜ் போட்டான்:

"சார் வணக்கம். ஏப்ரல் மாசம் உங்ககிட்ட கம்ப்ரசர் வாங்குனோம் சார். அந்த பில் மிஸ்ஸாயிருச்சு. ஆடிட்டர் கேக்கறார், ரொம்ப அர்ஜெண்ட் சார். கொஞ்சம் டூப்ளிகேட் பில் போட்டு அனுப்புங்க சார்."

மரியாதையாத்தான் எழுதியிருந்தான், படிச்சா பாவமாக் கூட இருக்கும். அன்னைக்கு பொழுதோட பதில் வந்துச்சு, "எந்த கம்பெனி பேர்லங்க?"ன்னு. யூனிட் பேரை அனுப்பினான். அடுத்த நாள் "ஏப்ரல்ல இந்த பேர்ல எந்த பில்லும் இல்லீங்களே"ன்னு வந்துச்சு. அதுக்கு மேல போன் பண்ணினாலும் அதே பதில்தான். "அக்கா, வாங்கவே இல்லைங்கற மாதிரி பேசறாங்கக்கா"ன்னு தம்பி கோவமா வந்து நின்னான்.

அவங்க பொய் சொல்லலைங்க. அந்த மெசேஜை வச்சுத் தேடினா யாருக்கும் கிடைக்காது. ஏன்னு சொல்றேன்.

பில்லிங் சீட்ல இருக்கறவங்க உங்க மெசேஜைப் பாத்ததும் டேலி மாதிரி ஒரு சாப்ட்வேர்லதான் போய் தேடுவாங்க. அங்க முதல்ல எந்த வருஷக் கணக்குன்னு தெரியோணும், ஏன்னா நெறைய கடையில ஏப்ரல் 1 ஆனதும் பழைய வருஷ டேட்டாவைத் தனியாப் பிரிச்சு வச்சிருவாங்க, பில் நம்பரும் மறுபடி ஒண்ணுல இருந்து ஓடும். அப்புறம் எந்த லெட்ஜர், அதாவது எந்த பேர்ல கணக்கு திறந்திருக்குன்னு தெரியோணும். அதுக்குப் பொறவு தேதி, தொகை. இந்த நாலும் கையில இருந்தா பில்லை எடுக்க ரெண்டு நிமிஷம் கூட ஆகாது. பில் நம்பரே இருந்தா இன்னும் சுலபம். ஒண்ணு தப்பா இருந்தாலும் வேற எங்கியோ போய் தேடிட்டு "இல்லீங்க"ன்னுதான் சொல்லுவாங்க.

தம்பியோட மெசேஜ்ல இந்த நாலுல இருந்தது ஒண்ணே ஒண்ணு, ஏப்ரல்ங்கற மாசம். அதுவும் மெஷின் வந்து இறங்குன மாசம், பில் போட்ட மாசம் இல்ல. மார்ச் கடைசியில டார்கெட் முடிக்கறதுக்காக டீலருங்க பில்லைப் போட்டு வச்சுட்டு லாரி கிடைக்கறப்போ அனுப்பறது நம்மூர்ல சாதாரணமா நடக்கறதுதான். நாம ஏப்ரல்னு சொன்னதும் டீலர்கிட்ட பில்லிங் பாக்கற பொண்ணு புது வருஷக் கணக்கைத் திறந்து தேடியிருக்கும். பில் பழைய வருஷத்துல கிடக்குது. இனி அது எத்தனை நேரம் தேடினாலும் கிடைக்குமா?

இதுல நான் நெம்ப முக்கியமா நெனைக்கறது என்னன்னா, தெரியாத விவரத்தை விட தப்பான விவரம் மோசம். மாசம் சொல்லாம விட்டிருந்தாலாவது பேரை வச்சு ரெண்டு வருஷமும் பாத்திருப்பாங்க. ஏப்ரல்னு உறுதியாச் சொன்னதால மார்ச்சைப் பாக்கோணும்னு அவங்களுக்குத் தோணவே இல்ல. அதனால நிச்சயமாத் தெரிஞ்சதை நிச்சயம்னு எழுதுங்க, ஞாபகத்துல சொல்றதை ஞாபகம்னே எழுதுங்க. "மெஷின் வந்தது ஏப்ரல் முதல் வாரம், பில் தேதி மார்ச் 20ல இருந்து ஏப்ரல் 10க்குள்ள எப்ப வேணா இருக்கலாம்"னு எழுதினா தேடறவங்களுக்கு அது போதும், ரெண்டு வருஷக் கணக்கையும் பாக்கோணும்னு அதுலயே புரிஞ்சிரும்.

இன்னொரு சிக்கல் "பில் போட்டு அனுப்புங்க"ங்கறது. நமக்கு அது சாதாரணப் பேச்சு. பில்லிங்ல இருக்கறவங்களுக்கு பில் போடறதுன்னா புதுசா ஒரு பில் போடறது. அப்படிப் போட முடியாது, போட்டா அவங்களுக்கு அதே மெஷினுக்கு ரெண்டு தடவை விற்பனைக் கணக்கு காட்டின மாதிரி ஆயிரும், வரியும் ரெண்டு தடவை வரும். அதனால சின்னக் கடைகள்ல இப்படி ஒரு மெசேஜ் வந்தா முதலாளியைக் கேட்டுச் சொல்றேன்னு தள்ளி வச்சிருவாங்க. நமக்கு வேண்டியது ரீப்ரிண்ட். அதே நம்பர், அதே தேதி, மறுபடி ஒரு பிரிண்ட், அவ்வளவுதான். அதை அப்படியே எழுதிட்டா பயம் போயிரும்.

அர்ஜெண்ட்ங்கற வார்த்தையும் அங்க வேலைக்காகாதுங்க, வர்ற எல்லா மெசேஜ்லயும் அது இருக்கும். எந்த தேதிக்குள்ள வேணும்னு சொன்னா மட்டும் மண்டையில நிக்கும்.

சரி, தம்பியை உக்கார வச்சு டீலரை இனிமேல் கேக்கறதுக்கு முன்னாடி நம்மகிட்டயே என்ன இருக்குதுன்னு பாப்போம்னு சொன்னேன். முதல்ல ஜிஎஸ்டி போர்ட்டல்ல ஜிஎஸ்டிஆர்-2பி. ஜிஎஸ்டி நம்பர் வச்சிருக்கற யூனிட் எல்லாருக்கும் இது பெரிய வசதி, ஆனா பில் தொலைஞ்சா இங்க வந்து பாக்கலாம்னு நெறைய பேருக்குத் தோணறதில்ல. நமக்கு பில் போட்ட டீலர் அவரோட விற்பனையை ஜிஎஸ்டிஆர்-1 ரிட்டர்ன்ல காட்டினதும் அது நம்ம 2பில வந்து உக்காந்துக்கும். டீலரோட ஜிஎஸ்டி நம்பர், அவங்க பேர், பில் நம்பர், பில் தேதி, மொத்தத் தொகை, வரி எல்லாம் அதுல இருக்கும். மாசாமாசம் பைல் பண்றவங்க அடுத்த மாசம் 11ஆம் தேதிக்குள்ள பைல் பண்ணுவாங்க, நம்ம 2பி 14ஆம் தேதி வரும். மூணு மாசத்துக்கு ஒருக்கா பைல் பண்ற சின்ன டீலரா இருந்தா பில் அந்தக் காலாண்டோட கடைசி மாச 2பில வந்திருக்கலாம், அதனால ஒரு மாசம் பாத்து இல்லைன்னு விட்டுறக் கூடாது, முன்னும் பின்னும் ரெண்டு மூணு மாசம் பாக்கோணும்.

ஏப்ரல் 2பில இல்ல. மார்ச்சைத் திறந்தோம், இருந்துச்சு. பில் நம்பர் CBE/2324/1187, தேதி 30-03-2024, மொத்தம் 2,06,500 ரூபா. "அக்கா, இதுலயே எல்லாம் இருக்குதே, இனி பில் எதுக்கு?"ன்னு தம்பி கேட்டான். நியாயமான கேள்விதான். 2பில அந்தத் தொகை வந்திருக்குதுன்னு மட்டும்தான் தெரியும், என்ன பொருள் வாங்குனோம்னு அதுல இருக்காது. கிரெடிட் எடுக்கறவங்ககிட்ட பில் இருந்தாகோணும்னு ஜிஎஸ்டி சட்டத்துலயே இருக்குது. அப்புறம் ஆடிட்டருக்கு மெஷின்தான் வாங்கியிருக்குன்னு காட்டறதுக்கும் பில் வேணும். ஆனா பில்லைத் தேடி எடுக்கறதுக்கு 2பி போதும், ஏன்னா டீலர் அவர் சிஸ்டத்துல வச்சிருக்கற அதே நம்பர், அதே தேதி நம்ம கைக்கு வந்துருச்சு.

அடுத்து பேங்க் ஸ்டேட்மெண்ட். இங்கதான் இன்னொரு முடிச்சு இருந்துச்சு. 2,06,500னு ஒரே தொகையா எங்க கணக்குல இருந்து போகவே இல்ல. தேடித் தேடிப் பாத்தா ஏப்ரல் 2ஆம் தேதி 1,56,500 நெஃப்ட்ல போயிருக்கு. மீதி 50,000 எங்கே? முதலாளிகிட்ட கேட்டோம். "ஆர்டர் குடுக்கறப்போ அட்வான்ஸ் என்ற அக்கவுண்ட்ல இருந்து போட்டேன் அம்மிணி"ன்னார். அவரோட சொந்த சேவிங்ஸ் கணக்குல இருந்து மார்ச் 22ல போயிருக்கு. இதைக் கேட்டதும் எனக்கு அந்தப் பக்கம் என்ன ஆயிருக்கும்னு தெரிஞ்சுபோச்சு. 50,000 வந்தப்போ அங்க இருந்தவங்க முதலாளி பேர்ல ஒரு லெட்ஜர் திறந்து வரவு வச்சிருப்பாங்க. பில் யூனிட் பேர்ல போயிருக்கும், 1,56,500ம் யூனிட் லெட்ஜர்ல வரவாகியிருக்கும். ஆக யூனிட் கணக்கைத் திறந்தா 50,000 பாக்கின்னு காட்டும். பாக்கி இருக்கற பார்ட்டி பில் காப்பி கேட்டா எந்தக் கடையிலயும் சித்த யோசிப்பாங்க, பாக்கியைப் பத்தி பேசாம காப்பி மட்டும் கேக்கறாங்களேன்னு தோணும். அதனால பணம் எப்படி எப்படி போச்சுன்னு எழுதறதை விட்டுறக் கூடாதுங்க. பணம் கட்டுன பேர் வேற, பில் பேர் வேறன்னா கண்டிப்பா எழுதோணும். ரெண்டு தவணைக்கும் யுடிஆர் நம்பர், அதாவது பணம் அனுப்பினதுக்கு பேங்க் போடற நம்பர், ஸ்டேட்மெண்ட்லயே இருக்கும், அதையும் சேத்திக்கலாம்.

கடைசியா மெஷின்கிட்ட போய் பிளேட்ல இருக்கற மாடலையும் சீரியல் நம்பரையும் போட்டோ எடுத்துட்டு வரச் சொன்னேன். மெஷினுக்கு பில் போடறப்போ சீரியல் நம்பரையும் நெறைய டீலருங்க பில்லுலயே அடிப்பாங்க, காப்பி வந்ததும் ஒத்துப் பாக்கறதுக்கு அது உதவும்.

இதெல்லாம் வச்சு மாத்தி எழுதினது இது:

"வணக்கம் சார். தொலைஞ்ச பில்லுக்கு ரீப்ரிண்ட் வேணும்ங்க.
பில் நம்பர் CBE/2324/1187, தேதி 30-03-2024, 2023-24 வருஷக் கணக்கு.
பில் பேர்: எங்க யூனிட் பேரும் ஜிஎஸ்டி நம்பரும் கீழே இருக்குது. திருப்பூர்.
மொத்தம் ரூ. 2,06,500. அதாவது 1,75,000, ஜிஎஸ்டி 31,500.
பொருள்: 10 எச்பி ஏர் கம்ப்ரசர் ஒண்ணு. சீரியல் நம்பர் பிளேட் போட்டோ இதோட இருக்குது. மெஷின் இங்க வந்தது ஏப்ரல் முதல் வாரம்.
பணம்: 22-03-2024ல 50,000 எங்க முதலாளியோட சொந்தக் கணக்குல இருந்து, 02-04-2024ல 1,56,500 யூனிட் கணக்குல இருந்து. ரெண்டு யுடிஆர் நம்பரும் கீழே.
எங்களுக்கு வேண்டியது: அதே நம்பர், அதே தேதியில பையர் காப்பி மறுபடி பிரிண்ட் எடுத்து, சீல் கையெழுத்து போட்டு, ஸ்கேன் பண்ணி பிடிஎஃப். புது பில் வேண்டாம்ங்க.
ஆடிட்டருக்கு வெள்ளிக்கிழமைக்குள்ள குடுக்கோணும். இந்த நம்பருக்கே அனுப்பினா போதும்."

கீழே யூனிட் பேர், முதலாளி பேர், 15 எழுத்து ஜிஎஸ்டி நம்பர், யுடிஆர் ரெண்டும். எல்லாம் ஒரே மெசேஜ்ல, போட்டோ ஒண்ணு மட்டும் கூட. நாலஞ்சு துண்டா அனுப்பினா அவங்க இன்னொருத்தருக்கு பார்வர்ட் பண்றப்போ ஒண்ணு ரெண்டு விட்டுப் போகும்.

பில் நம்பரை முதல் ரெண்டு வரிக்குள்ளயே வச்சதுக்குக் காரணம் இருக்குது. வாட்ஸப்ல மெசேஜைத் திறக்காம வெளியில இருந்து பாத்தா கொஞ்ச எழுத்துதான் தெரியும். திறந்த பொறவும், சாஞ்சு உக்காந்து முழுசாப் படிக்கற நேரம் கவுண்டர்ல யாருக்கும் இல்ல, கண்ணு முதல்ல நம்பரைத்தான் தேடும். எப்படித் தொலைஞ்சதுன்னு கதை சொல்ல வேண்டியதே இல்ல, வீடு மாத்துனோம், மழையில நனைஞ்சதுன்னு எழுதறாங்க, தேடறவங்களுக்கு அதுல ஒண்ணும் ஆகாது. மன்னிப்பும் ஒருக்கா கேட்டாப் போதும், கேக்காட்டியும் ஒண்ணும் இல்ல.

ஜிஎஸ்டி நம்பரை ஏன் முழுசாப் போடச் சொல்றேன்னா, பேரை எப்படி அடிச்சு வச்சிருக்காங்கன்னு நமக்குத் தெரியாது. ஒரே பேர்ல நிட்ஸ், நிட்டிங், நிட்வேர்னு திருப்பூர்ல எத்தனையோ இருக்குது, ஸ்ரீ போட்டு ஒண்ணு, போடாம ஒண்ணு. நான் பில்லிங்ல இருந்தப்போ ஊரைச் சேத்து, தெருவைச் சேத்து, சில சமயம் கூட்டிட்டு வந்த மெக்கானிக் பேரைச் சேத்துக்கூட லெட்ஜர் திறப்போம். ஜிஎஸ்டி நம்பர் ஒரு எழுத்து கூட மாறாது, பேர்ல சந்தேகம் வந்தாலும் அதை வச்சு இவங்கதான்னு முடிவு பண்ணிரலாம்.

பையர் காப்பின்னு தனியா எழுதினதும் அனுபவத்துலதான். பொருளுக்குப் போடற ஜிஎஸ்டி பில்லுல மூணு காப்பி உண்டு, ஒரிஜினல் வாங்குனவங்களுக்கு, ரெண்டாவது லாரிக்காரருக்கு, மூணாவது விக்கறவங்களுக்கு. டூப்ளிகேட் வேணும்னு மட்டும் சொன்னா சில கடையில அந்த ரெண்டாவது காப்பியையே, டிரான்ஸ்போர்ட்டருக்குன்னு மேல அச்சடிச்சதை, அனுப்பி வச்சிருவாங்க. விவரம் எல்லாம் ஒண்ணுதான், ஆனா ஆடிட்டர் ஆபீஸ்ல பாத்துட்டு இது எப்படி உங்ககிட்டன்னு கேப்பாங்க. மறுபடி ஒரு நடை.

தம்பிகிட்ட இதை டீலரோட நம்பருக்கு அனுப்ப வேண்டாம்னு சொன்னேன், அங்க பில்லிங் யார் பாக்கறாங்கன்னு கடைக்குப் போன் பண்ணிக் கேட்டு அந்த நம்பருக்கு அனுப்பச் சொன்னேன். முதலாளிமாருக்கு அனுப்பினா அவர் வெளியில இருப்பார், பாத்துட்டு அப்புறம் சொல்லிக்கலாம்னு விட்டுருவார். அனுப்பற நாளும் பாத்துக்கோணும். மாசம் 10, 11 தேதியில ஜிஎஸ்டிஆர்-1 முடிக்கற அவசரம், 20 ஒட்டி அடுத்த ரிட்டர்ன், மார்ச் கடைசி வாரம் கேக்கவே வேண்டாம். அந்த நாளுகள்ல பழைய பில்லை யாரும் தேட மாட்டாங்க. காலையில கடை திறந்த உடனே, இல்லாட்டி மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் கூட்டம் கொறஞ்ச நேரத்துல போனா நல்லது.

அன்னைக்கு மதியமே பில் வந்துருச்சுங்க. கூடவே அந்தப் பொண்ணு எழுதியிருந்துச்சு, "அந்த 50,000 ஓனர் பேர்ல தனியா கிடந்துச்சு, யூனிட் கணக்குக்கு மாத்திட்டேன்ங்க, பாக்கி ஒண்ணும் இல்ல"ன்னு. நாங்க கேக்காமயே அது சரியாச்சு. இல்லாட்டி வருஷக் கடைசியில பாக்கி கேட்டு ஒரு சண்டை வந்திருக்கும்.

இது ஜிஎஸ்டி நம்பர் இருக்கறவங்களுக்கு. ஊட்டுக்கோ தோட்டத்துக்கோ வாங்குனதுக்கு 2பில எதுவும் வராது, அப்போ வேற கயிறு பிடிக்கோணும். காங்கயம் பக்கம் எங்க பெரியப்பா தோட்டத்துல போர்ல போட்ட சப்மெர்சிபிள் மோட்டார் எரிஞ்சுபோச்சு, வாரண்டி இருக்குது, பில் இல்ல. கடைக்குப் போய் "ஆடி 18க்கு மின்ன நாள் வாங்குனது, என்னைத் தெரியும்ல"ன்னு சொல்லிட்டு வந்துட்டார். கடைக்காரருக்கு அவரைத் தெரியும்தான், ஆனா கம்ப்யூட்டருக்கு ஆடி 18 தெரியாதே. தோட்டத்துல இருந்து வாங்க வர்றவங்க பெரும்பாலும் நோம்பியை வச்சு, மழையை வச்சு, கல்யாணத்தை வச்சுத்தான் நாளைச் சொல்லுவாங்க, தப்பில்ல, நாமதான் காலண்டரைப் பாத்து அதை இங்கிலீஷ் தேதியா மாத்திக் குடுக்கோணும். ஆடிப்பெருக்கு ஆகஸ்ட் முதல் வாரத்துல வரும், அதனால ஜூலை கடைசி வாரத்துல இருந்து ஆகஸ்ட் 5 வரைக்கும்னு எழுதிக் குடுத்தேன்.

மோட்டார் சீரியல் நம்பர் கேட்டா மோட்டார் போருக்குள்ள இருக்கற வரைக்கும் யாரும் படிக்க முடியாது. ஆனா இறக்கறப்போ மெக்கானிக்குங்க பல பேர் பிளேட்டை போட்டோ எடுத்து வச்சிருப்பாங்க, பொட்டியில ஒட்டுன ஸ்டிக்கர்லயும் அதே நம்பர் இருக்கும், பொட்டி சாளையில எங்கியாவது கிடக்கும். எங்களுக்கு மெக்கானிக் போன்லயே போட்டோ இருந்துச்சு. பணம் யார் கட்டுனதுன்னு கேட்டா அண்ணன் ஜிபேல போட்டானாம். ஆக பெரியப்பா பேர்ல தேடிட்டு இருந்தா பணம் வந்தது அண்ணன் பேர்ல. யுபிஐல ஒவ்வொரு பேமெண்டுக்கும் 12 இலக்கத்துல ஒரு நம்பர் இருக்கும், அதோட தேதியும் தொகையும் சரியாக் கிடைக்கும், அதை வச்சே பில் தேதி உறுதியாயிரும்.

பெரியப்பாவுக்கு நான் எழுதிக் குடுத்தது இவ்வளவுதான்: மோட்டார் எத்தனை எச்பி, சீரியல் நம்பர், யுபிஐ நம்பர் தேதி தொகையோட, பில் பெரியப்பா பேர்லயோ அண்ணன் பேர்லயோ இருக்கலாம், ரெண்டு பேர் செல் நம்பரும், ஊர், பொருத்துன மெக்கானிக் யாருன்னு, வாரண்டிக்கு வேணும் அதனால சீரியல் நம்பர் தெரியற மாதிரி பில் காப்பி வேணும்னு. செல் நம்பர் முக்கியம்ங்க, ஜிஎஸ்டி நம்பர் இல்லாதவங்களுக்கு கடைகள்ல பெரும்பாலும் செல் நம்பரை வச்சுத்தான் பேரைப் பதிவாங்க. பழைய நம்பரை மாத்தியிருந்தா வாங்குனப்போ இருந்த நம்பரைக் குடுக்கோணும்.

எதுக்குன்னு ஒரு வார்த்தை சொல்றது நல்லது, ஏன்னா காரியத்துக்குத் தக்கன காப்பி மாறும். வாரண்டிக்குன்னா சீரியல் நம்பர் இருக்கோணும், பேங்க் லோனுக்குன்னா சீல் கையெழுத்து போட்ட பேப்பரே கேப்பாங்க, ஆடிட்டருக்கு பெரும்பாலும் பிடிஎஃப் போதும். முன்னாடியே சொல்லிட்டா ஒரே தடவையில முடியும்.

ரெண்டு மூணு வருஷம் பழைய பில்லா இருந்தாலும் கேக்கத் தயங்க வேண்டாம். ஜிஎஸ்டி பதிவு பண்ணின வியாபாரி அந்த வருஷத்து ஆண்டு ரிட்டர்ன் கடைசித் தேதியில இருந்து 72 மாசம் கணக்கு வழக்கை வச்சிருக்கோணும்னு சட்டமே இருக்குது. இதைக் கடைக்காரர்கிட்ட சட்டம் பேசற மாதிரி எடுத்துவிட வேண்டாம், பழைய டேட்டா பேக்கப்ல இருக்குமுங்களே, ஆடிட்டர்கிட்ட இருக்கும்னாலும் பரவால்லன்னு தணிவாக் கேட்டாலே எடுத்துக் குடுப்பாங்க.

காப்பி கைக்கு வந்ததும் உடனே பைல்ல போட்டுறாம நம்பரையும் தேதியையும் 2பியோட ஒருக்கா ஒத்துப் பாருங்க. எங்கியாவது தேதி மட்டும் இன்னைக்குத் தேதியா இருந்தா அது ரீப்ரிண்ட் இல்ல, புதுசா அடிச்சது, அன்னைக்கே திருப்பிச் சொல்லி மாத்திக்கோங்க, ஏன்னா மாசம் தாண்டி அவங்க ரிட்டர்ன்ல ஏறிட்டா அதைச் சரி பண்ண கிரெடிட் நோட் வரைக்கும் போகும். விக்கறவங்க வருஷ வியாபாரம் 5 கோடிக்கு மேலன்னா ஜிஎஸ்டி நம்பர் இருக்கறவங்களுக்குப் போட்ட பில்லுல க்யூஆர் கோடு இருக்கோணும், ரீப்ரிண்ட்லயும் அது வரோணும். எல்லாம் ஒத்து வந்தா பிடிஎஃப்க்கு பில் தேதியும் டீலர் பேரும் வச்சு சேவ் பண்ணி ஆடிட்டருக்கு ஒண்ணு தாட்டி விட்டுட்டு, உங்க மெயில்லயும் ஒரு காப்பியை வச்சுக்கோங்க.